மூன்று கொப்பியும் 42 கிலோவும்: தோற்றுப்போன சிறுதொழிலை முதுமாணி விண்ணப்பத்தில் எழுதும் முறை

போன வருடம் என்னிடம் கணக்கீடு படித்த பிள்ளை ஒருத்தி விசுவமடுவிலிருந்து வந்தாள். முயற்சியாண்மையில் முதுமாணி படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். ஸ்டேட்மென்ற் என்று நாம் சொல்கிற நோக்கக் கட்டுரையை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு பக்கம். நடுவில் ஒரேயொரு வரி: "2022 பொருளாதார நெருக்கடியால் என் மிளகாய்த்தூள் தொழில் மூடப்பட்டது, ஆனாலும் நான் மனம் தளரவில்லை." மிச்சமெல்லாம் கனவு, ஆர்வம், தலைமைத்துவம்.

"கணக்கு எழுதினனீயோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"எழுதினனான் ரீச்சர். ஆனா அது வெறும் நட்டக் கணக்கு. அதை ஏன் அவையளுக்குக் காட்டுவான்?"

அடுத்த கிழமை ஒரு சொப்பின் பையில் மூன்று கொப்பிகளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு ஒற்றையும் ஓரத்தில் சிவந்திருந்தது. திறக்கும்போதே தும்மல் வந்தது. அந்த மூன்று கொப்பியிலிருந்தும் கட்டுரையை எப்படி எடுத்தோம் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் தொழில் கோழிப் பண்ணையாகவோ தையல் கடையாகவோ இருக்கலாம், வேலை செய்யும் முறை இதுதான்.

முதலில் கொப்பியைத் திரும்பக் கட்டுங்கள்

கட்டுரையில் ஒரு வரியும் எழுத வேண்டாம். முதல் வேலை, சிதறிக் கிடக்கிற பதிவுகளை ஒரே தாளுக்குக் கொண்டுவருவது. வன்னியில் சிறுதொழில் செய்தவர்களிடம் பெரும்பாலும் மூன்று வகைப் பதிவு இருக்கும்: சாமான் வாங்கிய கொப்பி, கடைகளுக்குக் கொடுத்த கடன் கொப்பி, வங்கிப் புத்தகம். இவளிடம் அவற்றில் முதல் இரண்டும் இருந்தன. செத்தல் மிளகாய், மல்லி, மற்றச் சரக்கு வாங்கியது, மில்லுக்குக் கொடுத்த அரைகூலி, பைக்கற், மோட்டார் சைக்கிள் பெற்றோல் எல்லாம் முதல் கொப்பியில். விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் 14 கடைகளுக்குப் போட்ட 100 கிராம் பைக்கற்றுகள் இரண்டாவதில். மூன்றாவது வங்கிப் புத்தகம் அல்ல. தாய் வைத்திருந்த வீட்டுச் செலவுக் கொப்பி. அதன் பின்பக்கங்களில் "கடைக்காசு வந்தது" என்று நாளும் தொகையும் இருந்தன. அதுதான் பிறகு கைகொடுத்தது. கடன் கொப்பியில் கொடுத்த நாள் மட்டும்தான் இருந்தது. காசு திரும்பி வந்த நாளை மகள் குறிக்கவில்லை, தாய் குறித்திருந்தா.

தாளில் நாலு நிரல் போதும்: நாள், எத்தனை கிலோ, ஒரு கிலோவுக்கு என்ன செலவு, விற்ற காசு கைக்கு வந்த நாள். இலாபத்துக்கு இப்போதைக்கு நிரல் வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். நினைவிலிருந்து எதையும் நிரப்பக் கூடாது. கொப்பியில் இல்லாத இடத்தை வெறுமையாக விடுங்கள். இருக்கிற பதிவையும் வெளியே தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 மே 24ஆம் திகதி 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 420 ரூபாயானது எல்லாருக்கும் தெரியும். இவளுடைய கொப்பியில் மே கடைசியில் அந்த விலை ஏறியிருந்ததா என்று பார்த்தேன். ஏறியிருந்தது. அப்படியென்றால் அன்றன்றே எழுதிய கொப்பிதான். பிறகு உட்கார்ந்து எழுதிய கணக்கில் இந்த மாதிரிப் படிகள் மழுங்கிப்போய், விலையெல்லாம் வழுவழுவென்று ஏறும். அப்படியான கொப்பி என்றால் அதைக் கட்டுரையில் "மதிப்பீடு" என்றே சொல்லிவிடுங்கள்.

உங்கள் எண்ணத்தை மாற்றிய ஒரு எண்ணைத் தேடுங்கள்

இந்த வேலையில் நேரம் போவது இங்கேதான். எங்களுக்கு இரண்டு பின்னேரம் போனது.

2022 ஜனவரியில் அவளிடம் 72,000 ரூபாய் இருந்தது. ஒரு கிலோ தூள் செய்ய எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய். கொப்பியின் உள் அட்டையில் பென்சிலால் "அடக்கம் 1,000, கடைக்கு 1,250" என்று எழுதியிருந்தாள். 72 கிலோ அரைத்தாள், கடைகளுக்குப் போட்டாள், 90,000 ரூபாய் வரவேண்டும். வந்தது, ஆனால் ஏறக்குறைய 45 நாள் கழித்து. இலாபம் 18,000. சந்தோசம்.

காசு கைக்கு வந்தபோது மார்ச். ஒரு கிலோவின் அடக்கம் 1,300 ஆகிவிட்டது. 90,000 ரூபாய்க்கு 69 கிலோதான் செய்ய முடிந்தது. விலையை 1,500 ஆக்கினாள். உள் அட்டையில் பழைய எண்ணை அழித்த தடம் இருக்கிறது. 69 கிலோவுக்கு 1,03,500 ரூபாய். கொப்பிப்படி இலாபம் 13,800. அந்தக் காசு வந்து சேர ஏப்ரல் கடைசி, அடக்கம் 1,750. அந்தக் காசில் 59 கிலோ. கிலோ 2,000 என்று விற்றாள், 1,18,000 ரூபாய், இலாபம் 14,750. அது வரவேண்டிய ஜூன் நடுப்பகுதியில் அடக்கம் 2,300. முழுக்க வந்திருந்தாலும் 51 கிலோதான். முழுக்க வரவில்லை, 21,000 நின்றுபோனது. வந்த 97,000க்கு 42 கிலோ.

மூன்று சுற்றிலும் இலாபம். கூட்டினால் 46,550 ரூபாய். 72 கிலோவில் தொடங்கியவள் 42 கிலோவில் நிற்கிறாள்.

இதைத் தாளில் பார்த்தபோது பிள்ளை கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "ரீச்சர், நான் ஒரு நாளும் நட்டப்படேல்லையே. பிறகு எப்பிடி முடிஞ்சது?" என்று கேட்டாள். கட்டுரையின் தொடக்கம் அந்தக் கேள்விதான். நான் அதை அப்படியே தாளின் மேலே எழுதிவைத்தேன்.

கணக்கீட்டில் இதற்குப் பெயர் இருக்கிறது. அவள் விலை வைத்தது வரலாற்றுக் கிரயத்தில், அதாவது அரைத்து முடித்த சரக்குக்குக் கொடுத்த காசின் மேல். விலைகள் ஓடுகிற காலத்தில் பார்க்க வேண்டியது பிரதியீட்டுக் கிரயம்: விற்ற ஒரு கிலோவுக்குப் பதிலாக இன்னொரு கிலோவை மறுபடி செய்ய என்ன செலவாகும் என்பது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் அந்த ஆண்டு செப்டெம்பரில் 69.8 வீதத்துக்குப் போனது. அப்படியான ஆண்டில் ரூபாயால் தொழிலை அளந்தால், சுருங்கிக்கொண்டு வருகிற கோலால் வேலியை அளந்த மாதிரி.

உங்கள் எண் வேறாக இருக்கும். கோழி வளர்த்தவருக்கு ஒரு குஞ்சு விற்கும்வரை தின்ற தீனியின் அளவு. தையல் கடைக்கு ஒரு சட்டைக்குப் போன மணித்தியாலம். சரியான எண்தானா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது: தொழில் நடந்தபோது நீங்கள் நம்பிய ஏதாவது ஒன்றை அந்த எண் பொய்யாக்க வேண்டும். எதையும் பொய்யாக்காவிட்டால் அது வெறும் புள்ளிவிபரம், கட்டுரைக்கு உதவாது.

வெளியே நடந்ததையும் நீங்கள் முடிவெடுத்ததையும் பிரியுங்கள்

விலை ஏறியது அவள் குற்றமில்லை. ஆனால் "நெருக்கடியால் மூடினேன்" என்று எழுதினால் தெரிவுக்குழுவுக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியவராது. அந்த வருடம் இலங்கையில் யாரும் அந்த வரியை எழுதலாம். அவர்கள் தேடுவது உங்கள் கையில் இருந்த முடிவை.

அதைப் பிடிக்க நான் கேட்டது: "அதே நேரம், அதே ஊரில், இதே தொழிலில் தப்பினவர் ஆர்?" அவள் யோசிக்கவே இல்லை. "எங்கட சரக்கு அரைச்ச மில்காரர். அவருக்கு ஒண்டும் நடக்கேல்ல." ஏன்? ஆட்கள் தங்கள் மிளகாயைத் தாங்களே கொண்டுவந்தார்கள், அவர் அரைகூலி மட்டும் வாங்கினார், அதுவும் கைக்காசு. சரக்கும் அவருடையதில்லை, கடனும் இல்லை.

அப்போதுதான் இரண்டாவது கணக்கைப் போட்டோம். அடக்கம் முதல் 45 நாளில் 1,000இலிருந்து 1,300 ஆனது. கிழமைக்குப் பார்த்தால் ஏறக்குறைய 4 வீதம். அதே 1,250 விலைக்கு விற்று, காசு ஒரு கிழமையில் வந்திருந்தால் அடக்கம் அப்போது 1,040தான் இருந்திருக்கும். 90,000 ரூபாய்க்கு 86 கிலோ செய்திருக்கலாம். 69க்குப் பதில் 86. விலை பிழையில்லை, காத்திருந்ததுதான் பிழை. அந்த 45 நாளை யாரும் அவள்மேல் திணிக்கவில்லை. முதல் நாள் கடைக்காரர்கள் "காசு பிறகு தாறம்" என்றதும், புதுச் சரக்கை எடுக்கமாட்டார்களோ என்ற பயத்தில் அவளே எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொண்டாள். அது அவளுடைய முடிவு. கட்டுரையில் அது "நான்" என்று தொடங்கும் வரியாக வரவேண்டும்.

இதில் ஒரு எல்லையும் உண்டு, அதையும் எழுதச் சொன்னேன். கைக்காசு கேட்டிருந்தால் 14 கடையும் எடுத்திருக்குமா? எடுத்திராது. எத்தனை கடை எடுத்திருக்கும் என்று கொப்பி சொல்லாது. 86 என்பது அதிகபட்சம். இதைத் தாங்களே முந்திச் சொல்லிவிடுகிற விண்ணப்பதாரியை வாசிப்பவர் நம்புவார்.

கடன் கொப்பியைக் கடைவாரியாகப் பிரித்துப் பாருங்கள்

நான் எதிர்பாராத விசயம் இங்கேதான் வந்தது. தாயின் கொப்பியிலிருந்த நாட்களைக் கடன் கொப்பியோடு பொருத்தினோம். வீதியோரமாக, பஸ் நிற்கும் இடங்களிலிருந்த நாலு கடைகள் பத்து நாளுக்குள் காசு கொடுத்திருந்தன. உள்ளுக்குள் இருந்த பத்துக் கடைகள் 50, 60 நாள் எடுத்திருந்தன. கிடைக்காமல் போன 21,000இல் முக்கால்வாசி அந்தப் பத்தில் நின்றது.

"அவையள் ஏமாத்தினவை" என்றுதான் அவள் முதலில் எழுதியிருந்தாள். அதை வெட்டச் சொன்னேன். உள்ளூர்க் கடைக்காரர் யாரிடம் காசு எதிர்பார்க்கிறார்? வயல்காரரிடம். வயல்காரர் கடைக்கடனைக் கட்டுவது காலபோக நெல் வெட்டி விற்ற பிறகு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள்; நவம்பரில் விலக்கியபோது காலபோக விதைப்புக் காலம் வந்திருந்தது. அந்தப் போகத்தின் விளைச்சல் நாடு முழுக்க விழுந்தது. ஆக, இவள் மிளகாய்த்தூளுக்குக் கொடுத்த கடன் உண்மையில் யாரோ ஒருவரின் நெல்லறுவடைமேல் கொடுத்த கடன். அவளுக்கு அது தெரியாது, கடைக்காரரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

இது அனுமானம்தான், 14 கடையை வைத்து நிறுவ முடியாது. கட்டுரையிலும் "நான் சந்தேகிப்பது" என்றே எழுத வேண்டும். ஆனால் முதுமாணி படிக்கப் போகிறவருக்கு நிறுவ முடியாத நல்ல சந்தேகத்தைவிட வேறென்ன வேண்டும்?

சந்தேகத்தைப் படிப்புக் கேள்வியாக்குங்கள்

"முயற்சியாண்மை பற்றி மேலும் அறிய விரும்புகிறேன்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் அவள் எழுதியது: "அறுவடைக்கு அறுவடை வருமானம் வரும் ஊரில், சிறு உற்பத்தியாளர் கடைகளுக்குக் கொடுக்கும் கடனை எப்படி அமைத்தால் காத்திருக்கும் செலவு ஒருவர்மேல் மட்டும் விழாது?" இது ஒரு வருடப் படிப்புக்குள் அடங்கும், ஆய்வுக் கட்டுரையாகவும் விரியும்.

அதன் பிறகு அந்தக் கற்கைநெறியின் பாட விபரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பாடம் இந்தக் கேள்வியின் எந்தத் துண்டைத் தொடுகிறது என்று பாருங்கள். முயற்சியாளர் நிதி என்ற பாடத்தில் தொழிற்படு மூலதனம், அதாவது சரக்கிலும் கடனிலும் சுற்றுகிற காசு, வரும். அது நேரே பொருந்தும். பத்துப் பாடத்தையும் அடுக்கத் தேவையில்லை, இரண்டு போதும். ஒரு சிந்தனையைச் சுட்டுவதென்றால் உங்கள் கணக்கோடு உரசுகிற ஒன்றைச் சுட்டுங்கள். முயற்சியாண்மை ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 2001இல் எழுதியதில், தேர்ந்த முயற்சியாளர்கள் வரக்கூடிய இலாபத்தைவிடத் தாங்கக்கூடிய இழப்பை முதலில் பார்க்கிறார்கள் என்ற கருத்து வருகிறது. இவள் 72,000 ரூபாயைத் தாங்கக்கூடிய இழப்பு என்றுதான் போட்டாள். ஆனால் இழப்பு இழப்பாகக் கண்ணுக்குத் தெரியாமல் இலாப வேசத்தில் வந்தால் அதை எப்படித் தாங்குவது? ஒரே வசனம்தான், வாசிக்கிற விரிவுரையாளரோடு ஒரு பேச்சை அது தொடங்கிவைக்கும். பெயரைச் சொல்லிவிட்டு அப்பால் போவது வேண்டாம்.

இப்போது எழுதுங்கள்

அநேகமான இடங்களில் 500 முதல் 1,000 சொல்வரை கேட்பார்கள். அந்தந்தப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதிச் சரிசெய்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போவது நல்லது. ஆங்கிலத்திலேயே தொடங்கினால் கடன்வாங்கிய சொற்றொடர்கள்தான் முதலில் வரும். அவளுடைய முதல் பந்தி கடைசியில் இப்படி ஆனது:

"2022 ஜனவரியில் என்னிடம் 72 கிலோ மிளகாய்த்தூள் செய்யக் காசு இருந்தது. ஆறு மாதத்துக்குள் மூன்று முறை விற்றேன். மூன்று முறையும் என் கொப்பி இலாபம் காட்டியது. ஜூனில் என்னிடமிருந்த காசு 42 கிலோவுக்குத்தான் காணும். நான் ஒருநாளும் நட்டப்படாமல் தொழிலை இழந்தேன். அது எப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடமும் என் தாயின் வீட்டுச் செலவுக் கொப்பியும் தேவைப்பட்டன."

இதில் வர்ணனை இல்லை, கனவும் இல்லை. ஆனால் அடுத்த பந்தியை வாசிக்காமல் யாரும் நிறுத்தமாட்டார்கள். அடுத்த பந்தி கணக்கு, அதற்கடுத்தது அவளுடைய 45 நாள் முடிவு, பிறகு பத்துக் கடைகளும் நெல்லும், பிறகு கேள்வி, கடைசியில் படித்துவிட்டு என்ன செய்வாள் என்பது. கணக்குக்குக் கட்டுரையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். எண்கள் ஆறேழு போதும். மூன்றாம் சுற்றின் 1,18,000ஐ நாங்கள் விட்டுவிட்டோம். அது இல்லாமலே விசயம் விளங்குகிறது.

ரூபாயை டொலராக மாற்ற வேண்டாம். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய், மே மாதம் 360. மாற்றினால் உங்கள் கதையோடு நாணயமாற்றின் கதையும் கலந்துவிடும், எது எதுவென்று வாசிப்பவருக்குப் பிரியாது. கிலோவில் சொன்னால் எந்த நாட்டுக்காரருக்கும் விளங்கும். காலபோகம் என்றால் மழைக்காலத்தில் விதைத்துத் தை, மாசியில் வெட்டும் நெல் என்று அரை வசனம் சேர்த்துவிடுங்கள்.

யுத்தத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள், எழுதுவதா விடுவதா என்று. என் அபிப்பிராயம், கணக்கைத் தொடுகிற இடத்தில் மட்டும் எழுதலாம். இவளின் குடும்பத்துக்குக் காணி உறுதி 2009 இடப்பெயர்வில் தொலைந்துபோனது. அதனால் வங்கியில் ஈடு வைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் 72,000க்கு மேல் போக முடியவில்லை. அந்த ஒரு வசனம் கட்டுரையில் இருக்கிறது. அதற்கு மேல் இரக்கத்தைக் கேட்டால், கொப்பியால் சம்பாதித்த மரியாதை போய்விடும். இது என் அபிப்பிராயம்தான், வேறு விதமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கடைக்காரர் பெயர், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஒன்றும் வேண்டாம். "வீதியோரக் கடைகள் நாலு" என்றால் போதும். தொழிலைப் பதியவில்லை என்றால் பதியவில்லை என்றே எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்திருந்தால் சான்றிதழை இணையுங்கள். பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கும். அப்போது கொப்பியிலிருக்கும் நாட்கள் மறுபடி உதவும். கட்டுரையிலுள்ள மாதமும் தன்விபரக் கோவையிலுள்ள மாதமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இவளுடையதில் ஒரு மாதம் இடித்தது.

சிபார்சும் நேர்முகமும்

ஒரு சிபார்சு விரிவுரையாளரிடம், மற்றது தொழிலை நேரில் கண்டவரிடம். மில்காரரைக் கேட்கச் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் எழுதி ஒப்பமிட்டுத் தந்தார், மொழிபெயர்த்து இணைத்தோம். மொழிபெயர்ப்பை ஏற்பார்களா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டோம்.

நேர்முகத்துக்கு முன் கொப்பியின் ஐந்தாறு பக்கங்களைப் படமெடுத்து, கடைப் பெயர்களை மறைத்து வைத்திருங்கள். கேட்கக்கூடிய கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏன் விலையை இன்னும் ஏற்றவில்லை?" இதற்கு மனப்பாடப் பதில் வேண்டாம், உங்கள் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். இவளிடமும் அதைத்தான் கேட்டார்கள். ஏற்றினேன், இரண்டு முறை, ஆனால் ஒவ்வொரு முறையும் போன சரக்கின் விலையைப் பார்த்து ஏற்றினேன் என்றாள். பிறகு இன்னொன்றும் கேட்டார்களாம்: "அந்த 21,000 என்ன ஆனது?"

2023 மாசியில், நெல் வெட்டின பிறகு, உள்ளூர்க் கடைக்காரர் மூன்று பேர் வீட்டுக்கே வந்து 6,500 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சொன்னாளாம். அந்தப் பதிவும் தாயின் கொப்பியில்தான் இருக்கிறது.